தாளித்தல்

தாளித்தல் என்பது காய்ந்த எண்ணெயில் கடுகு, சீரகம், கறிவேப்பிலையைப் பொரித்து உணவில் சேர்ப்பதாகும். மூன்றும் ஒரே நேரத்தில் பதமாவதில்லை, சிக்கல் அங்கேதான்.

நால்வருக்கான ரசத்துக்கு, இரும்புத் தாளிப்புக் கரண்டியில் 2 தேக்கரண்டி எண்ணெய் போதும். எண்ணெய் காய்ந்ததும் இரண்டே கடுகைப் போட்டுப் பார்க்க வேண்டும். அவை உடனே வெடித்தால் அரைத் தேக்கரண்டி கடுகைப் போடலாம். சும்மா கிடந்தால் பொறுக்க வேண்டும். கடுகின் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகித் தோலைப் பிளப்பதே அந்த வெடிப்பு. வெடிக்காத கடுகு கசக்கும். எண்ணெய் புகையும்வரை விட்டால் கருகியும் கசக்கும்.

படபடப்பு அடங்கத் தொடங்கியதும் தீயைக் குறைத்துச் சீரகம் போட வேண்டும். அதற்குப் பத்து வினாடி போதும். அது சிவந்து மணம் வந்தவுடன், ஈரம் துடைத்த கறிவேப்பிலை. சடசடப்பு ஓய்ந்தால் இலையின் நீர் வற்றிவிட்டது என்று பொருள். அடுப்பை அணைத்தாலும் இரும்பின் சூடு தணியாது. சீரகம் அதிலேயே கருகும். ஆகவே அப்போதே ரசத்தில் கொட்டிவிட வேண்டும்.