31-ம் நாள் போட வேண்டிய மனு

ஏ.டி.எம்.மில் 10,000 ரூபாய் கேட்கிறோம். இயந்திரம் உறுமிவிட்டு நின்றுவிடுகிறது. பணம் வரவில்லை. ஆனால் கணக்கில் கழிந்துவிட்டதாகக் கைபேசிக்குக் குறுஞ்செய்தி வந்துவிடுகிறது. கிளையில் போய்ச் சொன்னால், "தானாவே ஏறிடும் சார், வெயிட் பண்ணுங்க" என்கிறார்கள். வாரங்கள் ஓடுகின்றன. ஏறவில்லை. அடுத்து எங்கே போவது?

இதற்காகவே ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மேன் எனப்படும் குறைதீர்ப்பாளரை வைத்திருக்கிறது. வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் டிஜிட்டல் பரிவர்த்தனைகளுக்கும் தனித்தனியாக இருந்த மூன்று திட்டங்களை 2021 நவம்பரில் ஒன்றாக இணைத்தார்கள். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. ஆனாலும் உள்ளே நுழையும்போதே பல மனுக்கள் திரும்பிவிடுகின்றன. குறை நியாயமானதாக இருந்தும், அதற்கு முன் வங்கியில் செய்திருக்க வேண்டிய வேலை முறையாக நடக்காமல் போவதுதான் பெரும்பாலும் இதற்குக் காரணம்.

எது புகார், எது பதில்

குறைதீர்ப்பாளர் முதலில் பார்ப்பது, வங்கிக்கு எழுத்தில் புகார் போனதா என்பதை. கிளை மேலாளரிடம் வாய்மொழியாகச் சொன்னது கணக்கில் வராது. வங்கியின் இணையதளத்திலோ மின்னஞ்சலிலோ கடிதத்திலோ புகார் தந்து, அதற்கான எண்ணையோ ஒப்புகையையோ வாங்கியிருக்க வேண்டும். ஏ.டி.எம். வேறு வங்கியுடையதாக இருந்தாலும், புகார் தர வேண்டியது நமக்குக் கார்டு கொடுத்த வங்கியிடம்தான்.

அந்தப் புகார் கிடைத்ததிலிருந்து வங்கிக்கு 30 நாள் அவகாசம். அதற்குள் பதிலே வராவிட்டால் மேலே போகலாம். புகாரை முழுவதுமாகவோ ஓரளவோ மறுத்து வங்கி பதில் தந்துவிட்டால் 30 நாள் காத்திருக்கவும் வேண்டியதில்லை. பலர் தவறுவது இரண்டு இடங்களில். அவசரப்பட்டு 20-ம் நாளே ரிசர்வ் வங்கிக்கு எழுதிவிடுபவர்களின் மனு, ஏற்கத்தக்கதல்ல என்று மூடப்பட்டுவிடும். "உங்கள் புகார் பரிசீலனையில் உள்ளது" என்ற குறுஞ்செய்தியைப் பதில் என்று நம்பி மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் மறுபக்கம். அது பதில் அல்ல, வெறும் ஒப்புகை. அது வந்ததால் 30 நாள் கணக்கு நிற்பதில்லை.

பெரிய வங்கிகளில் உள்-குறைதீர்ப்பாளர் என்று ஒருவர் உண்டு. வங்கி ஒரு புகாரை மறுப்பதற்கு முன் அவர் பார்வைக்கு அனுப்ப வேண்டும். நாம் அவரை நேரடியாக அணுக முடியாது. ஆனால் மறுப்புக் கடிதத்தில் அவர் பார்த்ததற்கான குறிப்பு இல்லையென்றால், அதை மனுவில் சுட்டிக்காட்டலாம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

மதுரையில் ஒருவருக்கு ஜூன் 2 அன்று மேலே சொன்னது நடந்தது என்று வைத்துக்கொள்வோம். ஜூன் 3 அன்று வங்கித் தளத்தில் புகார் பதிந்து எண் வாங்கிவிட்டார். 30 நாள் ஜூலை 3-ல் முடிகிறது. "பரிசீலனையில் உள்ளது" என்பதற்கு மேல் எதுவும் வரவில்லை. ஜூலை 4 முதல் அவர் மனுப் போடலாம். அவர் போட்டது ஜூலை 6-ல்.

எவ்வளவு கேட்பது? 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை இதற்குத் தெளிவான விடை தருகிறது. ஏ.டி.எம்.மில் பணம் வராமல் கணக்கில் கழிந்தால், பரிவர்த்தனை நாளிலிருந்து 5 நாளுக்குள் வங்கி தானாகத் திருப்பிச் செலுத்த வேண்டும். தவறினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. இதை வாடிக்கையாளர் கேட்காமலே தர வேண்டும். இவருக்கு 5 நாள் ஜூன் 7-ல் முடிந்தது. ஜூன் 8 முதல் ஜூலை 6 வரை 29 நாள். ஆக 10,000 ரூபாயுடன் 2,900 ரூபாய், அதன்பின் பணம் வரும்வரை நாளொன்றுக்கு 100 ரூபாய். மனுவில் "தக்க நடவடிக்கை எடுக்கவும்" என்று எழுதுவதைவிட இந்தக் கணக்கை அப்படியே எழுதுவது மேல். கேட்டது என்ன என்று தெரிந்தால்தான் கொடுக்கச் சொல்ல முடியும்.

அடுத்தது சாட்சியம். வங்கியின் வழக்கமான மறுமொழி, "பரிவர்த்தனை வெற்றிகரமாக முடிந்துள்ளது" என்பது. அதைச் சோதிக்க மூன்று பதிவுகள் உண்டு. எத்தனை நோட்டு வெளியே வந்தது என்று இயந்திரமே எழுதிவைக்கும் மின்பதிவு முதலாவது. இயந்திரத்தில் பணம் நிரப்புவோர் எண்ணிப் பார்த்த இருப்புக் கணக்கு இரண்டாவது. நமக்கு வராத பணம் இயந்திரத்துக்குள்ளேயே இருந்திருந்தால், அன்றைய இருப்பு அந்த அளவு கூடுதலாகக் காட்டும். மூன்றாவது கேமரா பதிவு. இதை வங்கி என்றென்றும் வைத்திருக்காது. எனவே முதல் புகாரிலேயே மூன்றையும் பாதுகாத்துத் தரும்படி கேட்டு எழுதிவிட வேண்டும். மூன்றும் பணம் வெளியே வந்ததாகக் காட்டினால் குறைதீர்ப்பாளரிடம் போயும் பலன் இருக்காது.

மனு போகும் வழி

cms.rbi.org.in என்ற தளத்தில் மனுவைப் பதியலாம். கைபேசிக்கு வரும் ஓ.டி.பி.யைக் கொடுத்து நுழைந்ததும், வங்கியின் பெயரோடு சில கேள்விகள் வரும். வங்கியிடம் எழுத்தில் புகார் தந்தீர்களா, எந்தத் தேதியில், பதில் வந்ததா, இதே விஷயம் நீதிமன்றத்தில் இருக்கிறதா என்பவை அவை. இங்கே தேதி தவறினால் மனு அங்கேயே நின்றுவிடும். புகார் எண் தெரியும் பக்கம், பணம் கழிந்த குறுஞ்செய்தி, கணக்கு அறிக்கை ஆகியவற்றை இணைத்தால் போதும். இணையம் வராதவர்கள் சண்டிகரில் உள்ள மையத்துக்கு அஞ்சலில் அனுப்பலாம். சந்தேகம் இருந்தால் 14448 என்ற எண்ணில் கேட்கலாம்.

மனு ஏற்கப்பட்டால் அதன் நகல் வங்கிக்குப் போகும். 2021 திட்டப்படி வங்கி 15 நாளுக்குள் ஆவணங்களோடு பதில் தர வேண்டும். சமரசத்துக்கு முதலில் வாய்ப்புத் தரப்படும். ஏ.டி.எம். குறைகள் பலவும் இந்தக் கட்டத்திலேயே தீர்ந்துவிடும், கிளையில் கிடைக்காத பணம் கணக்கில் ஏறிவிடும். அப்போது 10,000 மட்டும் வந்ததா, தாமத இழப்பீடும் சேர்ந்து வந்ததா என்று பார்த்துவிட்டே ஒப்புக்கொள்ள வேண்டும்.

சமரசம் ஆகாவிட்டால் குறைதீர்ப்பாளர் தீர்ப்பாணை தருவார். அது நமக்குச் சாதகமாக இருந்தாலும், 30 நாளுக்குள் ஏற்றுக்கொள்வதாக வங்கிக்கு எழுதித் தராவிட்டால் காலாவதியாகிவிடும். திருப்தி இல்லையென்றால் அதே 30 நாளுக்குள் ரிசர்வ் வங்கியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். ஏற்கத்தக்கதல்ல என்று நுழைவிலேயே தள்ளப்பட்ட மனுவுக்கு அந்த வழி இல்லை.

எல்லாக் குறைக்கும் இந்தக் கதவு திறக்காது. கடன் தர மறுத்தது போன்ற வங்கியின் வணிக முடிவுகளை அது விசாரிக்காது. ஊர்களில் உள்ள தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டில் இல்லாததால், அதன்மீதான புகார் கூட்டுறவுத் துறைக்குத்தான் போக வேண்டும். வங்கி பதில் தராவிட்டால் மனுப் போட 2021 திட்டம் தரும் கெடு, புகார் தந்த நாளிலிருந்து ஓராண்டும் 30 நாளும். திட்டத்தின் விதிகளை ரிசர்வ் வங்கி திருத்துவதுண்டு என்பதால் அந்தக் கெடுவை நம்பித் தள்ளிப்போட வேண்டாம். கேமரா பதிவோ அதற்கு வெகுமுன்பே அழிந்துபோயிருக்கும்.