திரவ நீரின் எல்லை எது?

தண்ணீர் 0 டிகிரியில் உறையும், 100 டிகிரியில் கொதிக்கும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். கடல் மட்டத்துக் காற்றழுத்தத்தில் மட்டுமே இது சரி. அழுத்தம் மாறும்போது இந்த எண்கள் எங்கே நகர்கின்றன என்பதை நீரின் நிலைமை வரைபடம் ஒரே பார்வையில் காட்டிவிடும்.

இதில் கிடைமட்ட அச்சு வெப்பநிலை, செங்குத்து அச்சு அழுத்தம். மூன்று கோடுகள் படத்தை மூன்றாகப் பிரிக்கின்றன. இடப்பக்கம் பனிக்கட்டி, நடுவில் மேலே திரவம், வலப்பக்கமும் அடியிலும் நீராவி. ஒரு கோட்டின் மேல் எங்கு நின்றாலும் அதன் இருபுறத்து நிலைகளும் சேர்ந்தே இருக்க முடியும்.

ஓர் அளவுகோலை 1 வளிமண்டல அழுத்தத்தில் படுக்கையாக வையுங்கள். இடமிருந்து வலமாகப் போனால் அது முதலில் பனிக்கட்டிக்கும் திரவத்துக்கும் இடையிலான கோட்டை 0 டிகிரியில் வெட்டும். அது உருகுநிலை. அடுத்து நீராவிக் கோட்டை 100 டிகிரியில் வெட்டும். அது கொதிநிலை.

இனி அளவுகோலைக் கீழே இறக்குங்கள். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே அழுத்தம் ஏறக்குறைய 0.77 வளிமண்டலம். உருகுநிலை அசையவே இல்லை. கொதிநிலையோ 93 டிகிரி அளவுக்கு இறங்கிவிட்டது. அங்கே திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகத் தாமதமாவது இதனால்தான். தீயைக் கூட்டினாலும் நீரின் சூடு அதற்கு மேல் ஏறாது.

இன்னும் இறக்கினால் இரண்டு வெட்டுப்புள்ளிகளும் நெருங்கிக்கொண்டே வருகின்றன. 611.66 பாஸ்கலில், அதாவது கடல் மட்ட அழுத்தத்தில் ஏறத்தாழ 165-இல் ஒரு பங்கில், இரண்டும் ஒன்றாகின்றன. வெப்பநிலை 0.01 டிகிரி. பனிக்கட்டி, நீர், நீராவி மூன்றும் சமநிலையில் சேர்ந்திருக்கும் மும்மைப் புள்ளி இதுதான். அதற்கும் கீழே அளவுகோல் திரவப் பகுதியைத் தொடுவதே இல்லை. சூடேற்றினால் பனிக்கட்டி உருகாது, நேராக ஆவியாகும்.

செவ்வாயின் சராசரித் தரை அழுத்தம் இந்த எல்லையை ஒட்டியே இருக்கிறது. அங்கே ஹெல்லாஸ் என்ற ஆழமான பள்ளத்தில் அழுத்தம் சுமார் 1,150 பாஸ்கல். அந்த உயரத்தில் அளவுகோலை வைத்தால் தூய நீர் 0 டிகிரியில் உருகி, 9 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்று தெரிகிறது. திரவத்துக்குக் கிடைப்பது அந்த ஒன்பது டிகிரி மட்டுமே.

படம் இப்படியென்றால் 30 டிகிரியில் கொடியில் துணி எப்படிக் காய்கிறது என்று கேட்கத் தோன்றும். இந்த வரைபடம் காற்றுக் கலப்பில்லாத, மூடிய கலனில் உள்ள தூய நீருக்கானது. துணியைச் சுற்றியுள்ள காற்றில் நீராவியின் பங்கு அழுத்தம் மிகக் குறைவு; அதனால் கொதிக்காமலேயே நீர் ஆவியாகிப் போகிறது.

பாடநூல் படங்களில் உருகல் கோடு இடப்பக்கம் நன்றாகச் சாய்ந்திருக்கும். உண்மையில் உருகுநிலை 1 டிகிரி குறைய ஏறக்குறைய 135 வளிமண்டல அழுத்தம் வேண்டும். ஆகவே கோட்டின் சாய்வைக் கண்ணால் அளக்காதீர்கள். அச்சில் உள்ள எண்களைப் படியுங்கள்.