கடிதத்தில் தேதியும் கையெழுத்தும் எங்கே நிற்க வேண்டும்?

திண்டிவனத்தில் மளிகைக் கடை. சரக்கு வருவதோ விழுப்புரம் மண்டியிலிருந்து. இத்தகைய இரு வியாபாரிகளுக்கிடையே பழைய பாக்கி பற்றிக் கருத்து வேறுபாடு எழுகிறது. கடைக்காரர் ஒரு வெள்ளைத் தாளிலோ, செல்போனிலோ கீழ்க்கண்டவாறு எழுதுகிறார் என வைத்துக் கொள்வோம்.

"ஐயா வணக்கம். 2022 ஆகஸ்டில் தங்களிடம் எடுத்த துவரம் பருப்பு 10 மூட்டையில் 2 மூட்டை எடை குறைவு. மொத்தம் 4 கிலோ. அப்போதே போனில் சொன்னேன். அன்றே பாங்க் மூலம் 20 ஆயிரம் அனுப்பினேன். குறைவு போக 32080 தான் வருகிறது. நீங்கள் அனுப்பிய கணக்கில் 32500 என்று இருக்கிறது. சரி பார்த்துச் சொல்லவும்."

விஷயம் முழுவதும் இதில் இருக்கிறது. ஆனால் எழுதியவர் யார், யாருக்கு எழுதினார், எப்போது எழுதினார் என்பது இல்லை, கையெழுத்தும் இல்லை. இதையே லெட்டர் பேடில் முறையாக அமைத்தால் எப்படி இருக்கும் என்று பாருங்கள்.

(கடையின் பெயர்)
மளிகை வியாபாரம்
(கதவு எண், தெரு), திண்டிவனம் – 604 001
(தொலைபேசி எண்) (ஜி.எஸ்.டி. எண்)

கடித எண்: 27/2025–26
தேதி: 14–7–2025

பெறுநர்
உரிமையாளர் அவர்கள்,
(மண்டியின் பெயர்),
விழுப்புரம் – 605 602.

ஐயா,

பொருள்: துவரம் பருப்பு எடைக் குறைவு – கணக்கு நேர் செய்தல் தொடர்பாக.
பார்வை: 1. தங்கள் 18–8–2022 தேதியிட்ட பில். 2. தங்கள் 7–7–2025 தேதியிட்ட கணக்கு விவரம்.

மேற்படி பில்லின்படி 50 கிலோ மூட்டை 10, கிலோ ரூ.105 வீதம் ரூ.52,500–க்குச் சரக்கு பெற்றுக் கொண்டோம். அன்றே வங்கி மூலம் ரூ.20,000 செலுத்தினோம். இரண்டு மூட்டைகளில் இருந்த 4 கிலோ எடைக் குறைவுக்கு ரூ.420 கழித்தால், நாங்கள் தங்களுக்குத் தர வேண்டிய பாக்கி ரூ.32,080 ஆகும். தங்கள் விவரத்தில் ரூ.32,500 என உள்ளது. சரிபார்த்துத் தெரிவிக்க வேண்டுகிறோம்.

தங்கள் உண்மையுள்ள,
(கடையின் பெயர்)–க்காக

(கையொப்பம்)
(பெயர்)
உரிமையாளர்

இணைப்பு: எடைச் சீட்டு நகல்.

பள்ளியில் கற்ற விண்ணப்ப முறையை வைத்து, லெட்டர் பேடிலும் "அனுப்புநர்" என்று எழுதி முகவரியை மறுபடி போடுவது நம்மிடையே உள்ள பழக்கம். அது வேண்டியதில்லை, தாளின் தலைப்பே அனுப்புநர். அதேபோல் "இடம், நாள்" என்று அடியில் ஒரு தேதியும், மேலே ஒரு தேதியும் போடாதீர்கள். காலையில் டைப் செய்து, மூன்று நாள் கழித்துக் கையெழுத்திட்டால் ஒரே கடிதத்தில் இரண்டு தேதி நிற்கும். எது உண்மை என்ற கேள்விக்கு நாமே இடம் கொடுத்தவர்களாவோம். தலைப்புக்குக் கீழே, வலது புறம் ஒரே தேதி. அது கையெழுத்திட்ட நாளாக இருக்கட்டும்.

தேதிக்கு ஏன் இவ்வளவு வற்புறுத்தல் என்பீர்கள். கடனுக்கு விற்ற சரக்கின் விலைக்கு வழக்குப் போட, தவணை எதுவும் பேசப்படாவிட்டால், சரக்கு ஒப்படைத்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளே அவகாசம். நமது உதாரணத்தில் அது 18–8–2025 அன்று முடிகிறது. ஆனால் 1963–ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் 18–ஆம் பிரிவின்படி, அவகாசம் முடிவதற்குள் கடன்பட்டவர் பாக்கியை எழுத்தில் ஒப்புக் கொண்டு கையெழுத்திட்டிருந்தால், கையெழுத்திட்ட நாளிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு தொடங்கும். "இன்ன தொகையைக் கழிக்க வேண்டும்" என்று எதிர்க் கணக்குச் சொல்லி எழுதியிருந்தாலும் அது ஒப்புதலே. ஆகவே 14–7–2025 என்ற தேதியுடன் மேற்கண்ட கடிதம் மண்டிக்காரர் கையில் இருந்தால், அவருக்கு 14–7–2028 வரை அவகாசம் உண்டு. தேதியே இல்லாவிட்டால், எப்போது கையெழுத்தானது என்பதைச் சாட்சி வைத்து நிரூபிக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அந்தச் சுமை அவர் தலையில் விழும். ஆகஸ்ட் 18–க்குப் பிந்திய தேதி இருந்தாலோ, வெறும் ஒப்புதல் அவருக்கு உதவாது. கொடுப்பதாக எழுத்தில் தனியே உறுதி தந்திருக்க வேண்டும்.

எழுதும் கடைக்காரருக்கும் இதில் லாபம் உண்டு. போனில் சொன்ன 4 கிலோ காற்றோடு போய்விடும். தேதியிட்ட கடிதத்தில், எடைச் சீட்டுடன் எழுதியது நிற்கும். ஆனால் பாக்கித் தொகையை எழுதுமுன் பேரேட்டை ஒருமுறை பார்த்துவிடுங்கள். கையெழுத்திட்ட பின் அது நம் வாக்குமூலம்.

கம்ப்யூட்டரில் கடிதம் அமைப்போர் கவனிக்க வேண்டிய ஒரு பொறி இதே தேதியில்தான் உள்ளது. வேர்டில் `Date & Time` பெட்டியில் தேதியைத் தேர்ந்தெடுக்கும்போது `Update automatically` என்ற இடத்தில் டிக் இருந்தால், அந்தத் தேதி மாறிக் கொண்டே வரும். ஜூலையில் அனுப்பிய கடிதத்தின் நகலைச் செப்டம்பரில் திறந்து அச்செடுத்தால் செப்டம்பர் தேதி வரும். தேதியைக் கையால் தட்டச்சு செய்வதே மேல். செல்போனிலிருந்து ஒட்டிய வாசகத்தில் வரி தோறும் என்டர் விழுந்திருந்தால், அவற்றை நீக்கி ஒவ்வொரு பத்தியையும் ஒன்றாக்க வேண்டும். இல்லையேல் வரிகள் பாதியில் முறியும். அச்சிட்ட லெட்டர் பேடு என்றால் முதல் பக்கத்தின் மேலே தலைப்பு எவ்வளவு உயரமோ அதை ஸ்கேலால் அளந்து, அதற்குமேல் அரை அங்குலம் விட்டுத் தொடங்குங்கள்.

இனி கையெழுத்து. "தங்கள் உண்மையுள்ள" என்பதன் கீழே கடையின் பெயரும் "க்காக" என்பதும் வர வேண்டும். கூட்டு வியாபாரத்தில் இது வெறும் மரியாதை அல்ல. பங்குதாரர் ஒருவர் செய்யும் காரியம் நிறுவனத்தைக் கட்டுப்படுத்த, அது நிறுவனத்தின் பெயரிலோ, நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் எண்ணம் விளங்கும் வகையிலோ செய்யப்பட வேண்டும் என்று 1932–ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டம் 22–ஆம் பிரிவு கூறுகிறது. தனி நபர் பெயரில் போட்ட கையெழுத்து பிற்பாடு "அது அவர் சொந்தக் கடன்" என்ற வாதத்துக்கு வழி விடும்.

கையெழுத்துக்கு நான்கு வரி, அதாவது சுமார் ஓர் அங்குலம் போதும். ரப்பர் ஸ்டாம்பைக் கையெழுத்தின் மேல் குத்தாமல் பக்கத்தில் குத்துங்கள். எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும். கடிதத்தின் கடைசி வரிக்கும் கையெழுத்துக்கும் நடுவே பெரிய வெற்றிடம் விட்டால், அங்கே யாரும் ஒரு வரி சேர்த்துக் கொள்ளலாம். கையெழுத்து மட்டும் தனியாக இரண்டாம் பக்கம் போனால் ஆபத்து இன்னும் அதிகம். கடிதத்தின் கடைசி இரண்டு வரிகளாவது கூடப் போகும்படி பார்த்துக் கொள்ளுங்கள். ஊருக்குப் போகும்போது கணக்குப் பிள்ளை வசதிக்காக வெற்று லெட்டர் பேடில் நாலைந்து கையெழுத்துப் போட்டு வைக்கும் வழக்கத்தை மட்டும் அடியோடு விட்டு விடுங்கள். அந்தத் தாளில் யார் எதை எழுதினாலும் மேலே உங்கள் தலைப்பும் கீழே உங்கள் கையெழுத்தும் இருக்கும்.

அனுப்புமுன் கையெழுத்திட்ட கடிதத்தையே ஜெராக்ஸ் எடுத்து, கடித எண் வரிசையில் கோப்பில் வையுங்கள். நேரில் கொடுப்பதானால் அந்த நகலில் "பெற்றுக் கொண்டேன்" என்று தேதியுடன் கையெழுத்து வாங்கிக் கொள்ளலாம். தபாலில் அனுப்பினால் ரசீதை அதே நகலோடு சேர்த்துப் பின் அடித்து வையுங்கள்.