நீரைப் பற்றும் கை

நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் ஆகிய மூன்றையும் இடைவிடாமல் அடுத்தடுத்துச் செய்யும் போட்டி டிரையத்லான் எனப்படும். அதன் ஸ்பிரிண்ட் பிரிவில், 750 மீட்டர் நீந்திக் கரையேறுபவர் 20 கிலோமீட்டர் மிதிவண்டி ஓட்டி, பின்னர் 5 கிலோமீட்டர் ஓட வேண்டும். எனவே, களைப்படையாமல் விரைந்து நீந்துவதே இவ்வீரர்களின் நோக்கமாகும்.

மாணவி ஒருத்தி 25 மீட்டர் நீளமுள்ள குளத்தை 24 கைவீச்சுகளில், 30 வினாடிகளில் கடக்கிறாள். ஒரு நிமிடத்திற்கு 48 வீச்சுகள் ஆகின்றன. இதுவே அவளது வீச்சு வீதம். இன்னும் விரைவாக நீந்த எண்ணிக் கைகளை வேகமாகச் சுழற்றுகிறாள். இப்போது 30 வீச்சுகள். நேரமோ 29 வினாடிகள். ஆறு வீச்சுகள் கூடியும் ஒரு வினாடியே மிஞ்சியது, மூச்சும் வாங்கியது.

காரணம் அவள் முழங்கையில் இருந்தது. கை நீருக்குள் நுழைந்ததும் முழங்கை தாழ்ந்துவிட்டால், உள்ளங்கை நீரைக் கீழ்நோக்கி அழுத்தும். உடல் மேலெழுமே அன்றி முன்னே செல்லாது. முழங்கை உயர்ந்திருக்க, விரல்நுனிகள் கீழ்நோக்கினால், உள்ளங்கையும் முன்கையும் சேர்ந்து துடுப்பைப்போல் நீரைப் பின்னே தள்ளும். இந்நிலையே ‘நீரைப் பற்றுதல்’ எனப்படும்.

இதற்கு இரு பயிற்சிகள் உதவும். முதலாவது, விரல்களை மடக்கி, மூடிய கைகளுடன் 25 மீட்டர் நீந்துவது. உள்ளங்கை பயன்படாததால், முன்கையால் நீரைத் தள்ளக் கை பழகும். அடுத்த 25 மீட்டரை விரித்த கைகளுடன் நீந்த வேண்டும். இரண்டாவது, கால்களுக்கிடையே மிதவையை வைத்துக் குப்புற மிதந்து, முன்னே நீட்டிய கைகளை வெளியேயும் உள்ளேயும் மெல்ல அசைப்பது. உடல் மெதுவாக முன்னே நகர்ந்தால் உள்ளங்கையின் சாய்வு சரியானது. நகராவிட்டால் சாய்வை மாற்ற வேண்டும்.

சில வாரங்களில் அம்மாணவி அதே 48 வீதத்தில், 22 வீச்சுகளில் குளத்தைக் கடந்தாள். நேரம் 27.5 வினாடிகள். கை முன்னைவிட விரைந்து சுழலவில்லை. ஒவ்வொரு வீச்சும் அதிகத் தூரம் கொண்டு சென்றது.

அதன் பின்னரே வீதத்தைச் சிறிது சிறிதாக உயர்த்த வேண்டும். நீச்சல் தொப்பிக்குள் வைக்கும் சிறு கருவியின் ஒலிக்கு ஏற்ப அவள் 50 வீதத்தில் நீந்தினாள். வீச்சுகள் 22 ஆகவே இருந்தால் நேரம் 26.4 வினாடிகளாகக் குறையும். ஒரே ஒரு வீச்சு கூடி 23 ஆனால், 27.6 வினாடிகள் ஆகும். உயர்த்திய வீதத்தால் பயனில்லை. அவ்வாறு கூடினால் கை நீரைப் பற்றாமல் நழுவுகிறது என்று பொருள். அப்போது பழைய வீதத்திற்கே திரும்பி, பற்றும் பயிற்சியைத் தொடர வேண்டும்.

ஆயினும், வீச்சுகளின் எண்ணிக்கையைக் குறைப்பதற்காகக் கையை நீட்டியபடியே நெடுநேரம் மிதந்து செல்வதும் தவறு. கடலிலோ ஏரியிலோ அந்த இடைவெளியில் அலை உடலின் வேகத்தைத் தடுத்துவிடும்.

கணக்கிடுக: ஒருவர் 52 வீதத்தில், 26 வீச்சுகளில் 25 மீட்டரைக் கடந்தால் எத்தனை வினாடிகள் ஆகும்?