தணிப்பதா, தட்டியெழுப்புவதா?

எங்கள் வலைப்பந்தாட்ட அணியின் கோல் ஷூட்டர் பயிற்சியின்போது பத்துக்கு எட்டுப் பந்துகளை வளையத்துக்குள் போடுவாள். சென்ற ஆண்டு ஒரு போட்டியில் அவளது முதல் ஆறு எறிகளில் ஒன்றுதான் விழுந்தது. அன்றுதான் அவளுடைய வாப்பா முதன்முறையாகப் பார்க்க வந்திருந்தார். நான் கோட்டோரத்தில் நின்று, "விடாதே மகள்! இதை விட்டா முடிஞ்சது!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அடுத்த பந்துகளும் வளையத்தை எட்டாமலே விழுந்தன. இடைவேளையில் அவள் கையைப் பிடித்தேன், சில்லிட்டிருந்தது. "டீச்சர், நீங்க கத்தினா எனக்கு வளையமே தெரியுதில்ல" என்றாள்.

தவறு அவளுடையதல்ல, என்னுடையது. அதை விளக்கும் கருத்தொன்று நூறாண்டுக்கு மேலாக இருந்துவருகிறது. 1908இல் யெர்க்ஸ், டொட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் இருவர், வெள்ளைப் பெட்டியையும் கறுப்புப் பெட்டியையும் வேறுபடுத்தி அறிய எலிகளைப் பழக்கினர். தவறான பெட்டிக்குள் போனால் மின்னதிர்ச்சி. வேறுபாடு எளிதாகத் தெரிந்தபோது, அதிர்ச்சி கூடக்கூட எலிகள் விரைவாகக் கற்றன. வேறுபாட்டைக் காண்பது கடினமானபோதோ நடுத்தர அதிர்ச்சியே நன்கு உதவியது. அதற்கு மேல் போனதும் கற்றல் பின்தங்கியது.

பின்னால் வந்தவர்கள் இதை விளையாட்டுக்கும் பொருத்தினர். இதயத் துடிப்பும் மூச்சும் விழிப்பும் சேர்ந்து ஏறுவதை எழுச்சி என்போம். எழுச்சி மிகக் குறைந்தால் ஆட்டம் மந்தம். ஏற ஏற ஆட்டம் மேம்படும். ஓர் உச்சியைத் தாண்டினால் மீண்டும் சரியும். வரைந்து பார்த்தால், ஆங்கில 'யூ' எழுத்தைக் கவிழ்த்து வைத்தது போலிருக்கும்.

பயிற்றுநர் கவனிக்க வேண்டியது, அந்த உச்சி எல்லோருக்கும் ஒரே இடத்தில் இல்லை என்பதே. வலைப்பந்தாட்ட வளையம் 10 அடி உயரத்தில் இருக்கிறது. பின்னால் பலகை கிடையாது. பந்து கைக்கு வந்து மூன்று விநாடிக்குள் எறிய வேண்டும். ஏறத்தாழ 6 அடி 10 அங்குல உயரமுள்ள நம் நாட்டு வீராங்கனை தர்ஜினி சிவலிங்கத்துக்கும் அதே மூன்று விநாடிதான். இத்தகைய நுட்பமான வேலைக்குக் குறைந்த எழுச்சியே ஏற்றது. கூடினால் தோளும் முன்கையும் இறுகும், பந்து குறுகி விழும். பாய்ந்து பந்தை மறிக்கும் கோல் டிஃபென்ஸுக்கோ அதைவிடக் கூடிய எழுச்சி வேண்டும். ஒரே கூச்சல் ஒருத்திக்கு மருந்து, மற்றவளுக்கு நஞ்சு.

அன்று இடைவேளையில் அவளைத் தனியே உட்கார வைத்தேன். நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெல்ல விடச் சொன்னேன். இப்படி ஐந்து தடவை. நீளமாக விடும் மூச்சு இதயத் துடிப்பைத் தணிக்கும். பிறகு, "பந்து வந்ததும் காலை ஊன்று, வளையத்தின் பின்விளிம்பைப் பார், மூச்சை விட்டபடி எறி, வேறொன்றும் வேண்டாம்" என்றேன். புள்ளிகளைப் பற்றிப் பேசவேயில்லை. பிற்பாதியில் பத்து எறிகளில் ஆறு விழுந்தன. போட்டியில் தோற்றோம், ஆனால் அவள் அழவில்லை.

மறுபக்கமும் உண்டு. மழை தூறும் கண்டிக் குளிரில், காலை எட்டு மணிப் போட்டிக்கு அக்குறணையிலிருந்து பஸ்ஸில் தூங்கி வழிந்து வரும் பிள்ளைகளுக்கு மூச்சுப் பயிற்சி கொடுத்தால் இன்னும் தூக்கம்தான் வரும். கொட்டாவி, பந்துக்குப் பிந்தி வரும் கால்கள், பார்வையாளர் பக்கம் அலையும் கண்கள் ஆகியவை எழுச்சி குறைந்ததன் அடையாளங்கள். அப்போது பத்து மீற்றர் வேக ஓட்டங்கள் சில, சோடியாகப் பந்து பறிக்கும் பயிற்சி, உரத்த குரலில் "முதல் பந்தை நாம மறிக்கணும்" என்ற ஒரே இலக்கு ஆகியவை உதவும்.

இந்த வளைவு எல்லாவற்றையும் விளக்கிவிடாது. கால் களைத்தாலும் பந்து குறுகி விழும். ஆனால் களைப்பு ஆட்டத்தின் கடைசியில் தெரியும், பதற்றம் முதல் நிமிடத்திலேயே தெரியும். மனதில் கவலையும் சேர்ந்திருந்தால் சரிவு மெதுவாக வராமல் திடீரென வரலாம். அப்படி விழுந்தவளைச் சற்று நேரம் வெளியே எடுத்து ஆறவிடுவதே நல்லது. சிலர் ஆரவாரத்தில்தான் நன்றாக ஆடுவர். ஆகவே ஒவ்வொரு போட்டிக்கு முன்பும் பிள்ளையிடம் தன் படபடப்புக்குப் பத்துக்கு எத்தனை என்று கேட்டு, பின்னர் அவள் ஆடிய விதத்தையும் பக்கத்தில் குறித்து வருகிறேன். சில போட்டிகளுக்குள் அவளுடைய உச்சி எங்கே என்று தெரிந்துவிடுகிறது.

அவளுடைய வாப்பாவிடமும் இதைச் சொன்னேன். அடுத்த போட்டிக்கும் வந்தார். மகளின் கையில் பந்து இருந்த அந்த மூன்று விநாடியும் பேசாமல் இருந்தார். பந்து விழுந்த பிறகே கை தட்டினார்.