நீளம் எங்கே குறைந்தது?

திருப்பூர் பின்னலாடை கம்பெனிகளில் மெர்ச்சண்டைசருக்கு வரும் மெயில்களிலேயே வயிற்றைக் கலக்குவது, ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் ஃபெயில் ஆனதும் பையர் அனுப்பும் மெயில்தான். 'கொஞ்சமும் பொறுப்பில்லை', 'இனி ஆர்டர் தருவதையே யோசிக்க வேண்டும்' என்கிற ரீதியில் இருக்கும். பலர் அதை அப்படியே யூனிட்டின் வாட்ஸ்அப் குரூப்பில் தட்டிவிடுகிறார்கள். பத்தே நிமிடத்தில் ஸ்டிச்சிங் கட்டிங்கைச் சொல்லும், கட்டிங் துணியைச் சொல்லும், செக்கிங்கில் இருக்கும் பெண்கள் வாயே திறக்க மாட்டார்கள். ஆனால் பீஸ் அப்படியேதான் கிடக்கும்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். 5,000 டி-ஷர்ட், மூன்று நிறம். ஏ.க்யூ.எல். 2.5 முறையில், வழக்கமான இரண்டாம் நிலைச் சோதனை என்றால், இன்ஸ்பெக்டர் 200 பீஸ் எடுத்துப் பார்ப்பார். 10 பெரிய குறை வரை பாஸ், 11 வந்தால் ஃபெயில். இங்கே 18 குறை வந்திருக்கிறது என்று வையுங்கள்.

மெர்ச்சண்டைசர் முதலில் செய்ய வேண்டியது, மெயிலோடு வந்த இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டைத் திறந்து அந்த 18 குறைகளையும் நிறவாரியாக, சைஸ்வாரியாகப் பிரித்து ஒரு தாளில் எழுதுவது. 13 பீஸில் உடல் நீளம் குறைவு, பதின்மூன்றுமே கறுப்பு. மீதி ஐந்து, தையல் விட்டதும் எண்ணெய்க் கறையும். 'கம்பெனியே சரியில்லை' என்று வந்த வசவு, 'கறுப்பு லாட்டில் நீளம் 70 செ.மீ. இருக்க வேண்டிய இடத்தில் 68.5 இருக்கிறது' என்று சுருங்கிவிடுகிறது. முதலாவதைக் கேட்டால் கோபம்தான் வரும். இரண்டாவதைக் கேட்டால் டேப்பை எடுக்கத் தோன்றும்.

இதற்காக விஷயத்தை மழுப்பிவிடக் கூடாது. 'பையர் சும்மா ஏதோ சொல்கிறார்' என்று டீமிடம் சொல்வதும் தவறுதான். ஷிப்மென்ட் நின்றுவிட்டது, மறு இன்ஸ்பெக்‌ஷன் என்றைக்கு, தேதி தவறினால் விமானத்தில் அனுப்பும் செலவு நம் தலையில் விழும் என்பதை உள்ளபடி சொல்லிவிட வேண்டும். மறைக்க வேண்டியது சுடுசொற்களை மட்டும்தான்.

அடுத்து, குறையுள்ள பீஸ்களைக் கட்டிங் டேபிளில் பரப்பி, கட்டிங் மாஸ்டர், லைன் சூப்பர்வைசர், செக்கிங் அக்கா மூவரையும் கூப்பிட்டு, "யார் வெட்டியது?" என்று கேட்காமல், "மாஸ்டர், இந்த ஒன்றரை சென்டிமீட்டர் எந்த இடத்துல போயிருக்கும்?" என்று கேட்க வேண்டும்.

மாஸ்டர் பேட்டர்னை எடுத்து வைக்கிறார். தையலுக்குச் சேர்த்து 73 செ.மீ.; வெட்டியது சரி. சூப்பர்வைசர் கீழ் மடிப்பை அளக்கிறார், அதுவும் சரி. இருவர் சொல்வதும் உண்மை. யாரையாவது பிடித்துத் திட்டியிருந்தால் விசாரணை இங்கேயே தப்பான ஆளோடு முடிந்திருக்கும். அப்போதுதான் மாஸ்டர் சொல்கிறார்: "கறுப்புத் துணி காம்பாக்டிங்லருந்து சாயங்காலம் வந்துச்சுங்க. அன்னைக்கு ராத்திரியே வெட்டச் சொன்னாங்க."

பின்னல் துணி ரோலில் இழுபட்டு இருக்கும். விரித்துப் போட்டு ஒரு நாளாவது ஓயவிட்டால்தான் அதன் சொந்த அளவுக்குத் திரும்பும். ஓயவிடாமல் வெட்டினால், வெட்டிய பிறகு பண்டலிலேயே சுருங்கும். இதைச் சோதிப்பதும் எளிது. மிச்சமுள்ள கறுப்பு ரோலை விரித்த சூட்டோடு ஐந்து துண்டு வெட்டி அப்போதே அளக்க வேண்டும். மறுநாள் காலையில் மறுபடி அளக்க வேண்டும். 73 இருந்தது 71.5 ஆகியிருந்தால் காரணம் கையில் கிடைத்துவிட்டது.

ராத்திரியே வெட்டச் சொன்னது யார்? துணி தாமதமாக வந்ததும் ஓயவிடும் நாளைப் பிளானில் இருந்து எடுத்தவர்கள், அதாவது ஆபீஸ். பழியைத் தேடிப் போகிறவர்கள் இந்த இடத்துக்கு வருவதே இல்லை. தப்பைச் சொன்னால் வேலை போகும் என்றிருந்தால் மாஸ்டர் அந்த வாக்கியத்தைச் சொல்லியிருக்கவே மாட்டார்.

தீர்வை அந்த மேசையிலேயே பேசி எழுத வேண்டும். கறுப்பை மட்டும் ஒவ்வொரு பீஸாக அளந்து பிரிப்பது, குறைந்ததற்கு ஓயவிட்ட துணியில் புதிதாக வெட்டுவது, மற்ற இரண்டு நிறங்களையும் கறைக்கும் தையலுக்கும் மறுபடி செக் செய்வது. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆள், ஒரு தேதி. ஸ்டீம் வைத்து இழுத்து நீளமாக்கி அனுப்பும் யோசனை யாராவது சொல்வார்கள். ஒரு துவைப்பில் மறுபடி சுருங்கிவிடும், வேண்டாம். பையருக்கும் இதே தாளைத்தான் பதிலாக அனுப்ப வேண்டும்: காரணம் இது, திருத்தம் இது, இனி ரோல் வந்த நேரமும் வெட்டிய நேரமும் கட்டிங் ரிப்போர்ட்டில் இருக்கும்.

உண்மையிலேயே ஒருவர் அசட்டையாக இருந்திருந்தால் அவரிடம் தனியாக, வேலை சரியான பிறகு பேசுங்கள். மறு இன்ஸ்பெக்‌ஷனில் பாஸ் என்று வந்தால் அந்த மெயிலையும் அதே மூவரையும் கூப்பிட்டு வாசித்துக் காட்டுங்கள். திட்டு வந்த நாளில் மட்டும் கூப்பிடுகிற மெர்ச்சண்டைசரிடம் யாரும் உள்ளதைச் சொல்ல மாட்டார்கள்.