நூறாவது நாளின் நஷ்டம்

2020 ஏப்ரல் 20, திங்கட்கிழமை. மாலை 5 மணிக்கு எம்சிஎக்ஸ் பொருள் சந்தை மூடியபோது கச்சா எண்ணெய் ஏப்ரல் ஒப்பந்தத்தின் விலை பீப்பாய்க்கு ஏறக்குறைய 965 ரூபாய். வழக்கமாக இரவு வரை நடக்கும் வியாபாரம், ஊரடங்கு காரணமாக அந்த நாட்களில் மாலையிலேயே முடிந்துகொண்டிருந்தது. அன்றுதான் அந்த ஒப்பந்தத்தின் கடைசி நாளும்கூட. ஒரு லாட் என்பது 100 பீப்பாய். அந்த விலையில் ஒரு லாட் வாங்கிய ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். சரக்கின் மொத்த மதிப்பே 96,500 ரூபாய்தான். விலை பூஜ்யமானாலும் போவது அவ்வளவுதான் என்று அவர் கணக்குப் போட்டிருப்பார். நாமாக இருந்தாலும் அப்படித்தான் போட்டிருப்போம்.

ஒப்பந்தம் எந்த விலையில் தீர்க்கப்படும் என்பதை நியூயார்க் சந்தை முடிவு செய்ய வேண்டியிருந்தது. அது நடந்தது நம் நேரப்படி நள்ளிரவில். அமெரிக்காவில் ஓக்லஹோமா மாநிலத்தின் குஷிங் என்ற ஊரில்தான் நியூயார்க் ஒப்பந்தத்தின் எண்ணெயை டெலிவரி எடுக்க வேண்டும். கொரோனாவால் உலகமே வண்டியை நிறுத்திவிட்டதால் அங்கே சேமிப்புத் தொட்டிகள் வேகமாக நிரம்பிக்கொண்டிருந்தன. காலியாக இருந்த கொஞ்ச இடத்தையும் மற்றவர்கள் முன்பதிவு செய்துவிட்டார்கள். எண்ணெயை வைக்க இடமில்லாதவர்கள், "பணம் தருகிறேன், இதை எடுத்துக்கொண்டு போ" என்ற நிலைக்கு வந்தார்கள். எம்சிஎக்ஸின் ஏப்ரல் ஒப்பந்தத்துக்கு அடிப்படையான நியூயார்க்கின் மே மாத ஒப்பந்தம் அன்று மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. எம்சிஎக்ஸ் அதை ரூபாயில் மாற்றி, தீர்வு விலையை மைனஸ் 2,884 ரூபாய் என்று அறிவித்தது.

நம் ஆளின் கணக்கைப் பார்ப்போம். 965 ரூபாயிலிருந்து மைனஸ் 2,884 வரை பீப்பாய்க்கு 3,849 ரூபாய் வீழ்ச்சி. ஒரு லாட்டுக்கு நஷ்டம் 3,84,900 ரூபாய். ஒரு லட்சம் ரூபாய்கூடப் பெறாத சரக்குக்கு ஏறக்குறைய நான்கு லட்சம் கடன். மாலை 5 மணிக்குப் பிறகு விற்று வெளியேறவும் அவருக்கு வழியில்லை.

இந்த நஷ்டத்தை எந்தக் கணக்கும் ஏன் முன்கூட்டியே காட்டவில்லை? பதில் தேட, நிதி உலகம் ஆபத்தை அளக்கும் விதத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

அந்த அளவுகோலுக்குப் பெயர் 'வேல்யூ அட் ரிஸ்க்'. சந்தையில் இருப்பவர்கள் சுருக்கமாக 'வார்' என்பார்கள். அமெரிக்காவின் ஜே.பி. மார்கன் வங்கி 1994-இல் தன் கணக்குமுறையை வெளியில் தந்த பிறகு இது உலகமெங்கும் பரவியது. உங்களிடம் ஐந்து லட்சம் ரூபாய்க்கு சென்செக்ஸைப் பின்பற்றும் ஃபண்ட் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சென்செக்ஸின் தினசரி ஏற்ற இறக்கம், அதாவது திட்ட விலக்கம், 1.5 சதவீதம் என்று எடுத்துக்கொள்கிறோம். 99 சதவீத நிச்சயம் வேண்டுமென்றால் அதை 2.33-ஆல் பெருக்க வேண்டும். விடை 3.5 சதவீதம், ஐந்து லட்சத்துக்கு 17,500 ரூபாய். "நூறு நாளில் 99 நாட்களில் உங்கள் நஷ்டம் 17,500 ரூபாயைத் தாண்டாது" என்பதே இதன் பொருள்.

வாக்கியத்தை இன்னொரு முறை வாசியுங்கள். மீதமுள்ள அந்த ஒரு நாளில் எவ்வளவு போகும் என்று அது சொல்லவே இல்லை. 17,600 ரூபாயாகவும் இருக்கலாம், 65,000 ரூபாயாகவும் இருக்கலாம். ஆண்டுக்குச் சுமார் 250 வர்த்தக நாட்கள் என்பதால், இந்த எல்லை சரியாக இருந்தாலே வருடத்துக்கு இரண்டு மூன்று முறை உடையும். 'அதிகபட்ச நஷ்டம்' என்று இந்த எண்ணை யாராவது உங்களிடம் காட்டினால் அது பிழை. எல்லைக்கோடு எங்கே இருக்கிறது என்று காட்டுவதே அதன் வேலை. கோட்டுக்கு அப்பால் பள்ளம் எத்தனை ஆழம் என்பதை அது அளப்பதில்லை.

அளவுகோலின் சிக்கல் அதோடு முடியவில்லை. 2.33 என்ற பெருக்கல் எண் மணி வடிவ வளைவிலிருந்து வருகிறது. பள்ளிப் பிள்ளைகளின் உயரத்தை வரைந்தால் அந்த வளைவு கிடைக்கும்: நடுவில் கூட்டம், இரு ஓரங்களிலும் கிட்டத்தட்ட யாருமில்லை. அந்த ஓரத்தைத்தான் வால் என்கிறோம். சந்தை அந்த வளைவில் அடங்குகிறதா என்று சோதிக்க நம் சென்செக்ஸே போதும். 1992 ஏப்ரல் 28 அன்று, ஹர்ஷத் மேத்தா ஊழல் வெளிவந்த நேரத்தில், 12.77 சதவீதம் வீழ்ந்தது. தேர்தல் முடிவுக்குப் பின் 2004 மே 17 அன்று 11.14 சதவீதம். உலக நிதி நெருக்கடியின்போது 2008 அக்டோபர் 24 அன்று 10.96 சதவீதம். 2020 மார்ச் 23 அன்று 13.15 சதவீதம்.

1.5 சதவீதத் திட்ட விலக்கமும் மணி வளைவும் உண்மையென்றால், ஒரே நாளில் பத்து சதவீதத்துக்கு மேல் வீழ்வது ஏறக்குறைய 30 கோடி ஆண்டுகளுக்கு ஒரு முறை நடக்க வேண்டும். நமக்கோ 28 ஆண்டுகளுக்குள் நான்கு முறை நடந்துவிட்டது. இத்தனை பெரிய இடைவெளியைத் துரதிர்ஷ்டம் என்று சொல்லித் தள்ளிவிட முடியாது, வளைவே தவறு. சந்தையின் வால் மெலிந்து மறைவதில்லை, பருத்து நீள்கிறது. பெனுவா மாண்டல்பிராட் என்ற கணித அறிஞர் பருத்தி விலைகளை ஆராய்ந்து இதை 1963-லேயே எழுதிவிட்டார். வால் இப்படிப் பருத்திருப்பதால்தான் இதைப் 'பருத்த வால்' என்கிறார்கள்.

வால் ஏன் பருக்கிறது? ஒரு பிள்ளை உயரமாக இருப்பதால் பக்கத்துப் பிள்ளை வளர்வதில்லை. சந்தையில் ஒருவர் விற்பது அடுத்தவரை விற்க வைக்கிறது. விலை இறங்கினால் கடனில் வாங்கியவரிடம் புரோக்கர் கூடுதல் மார்ஜின் கேட்கிறார். கட்ட முடியாதவரின் பங்குகளைப் புரோக்கரே விற்கிறார். அதனால் விலை இன்னும் இறங்குகிறது, அடுத்தவருக்கும் போன் வருகிறது. 2020 மார்ச் 23 காலையில் பத்து சதவீத வீழ்ச்சியில் வர்த்தகம் 45 நிமிடம் நிறுத்தப்பட்டது. திறந்த பிறகும் வீழ்ச்சி தொடர்ந்தது. நாம் சொன்ன ஐந்து லட்சத்தில் அன்று ஒரே நாளில் போனது 65,750 ரூபாய், வார் சொன்ன எல்லையைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு.

இன்னொரு குறை ஞாபகசக்தியில் இருக்கிறது. பெரும்பாலான மாடல்கள் ஓரிரு ஆண்டு விலைகளைப் பார்த்தே கணக்கிடுகின்றன, அவற்றில் சில, அண்மை நாட்களுக்குக் கூடுதல் எடையும் தருகின்றன. சந்தை நீண்ட நாள் அமைதியாக இருந்தால் வார் எண் சுருங்கிக்கொண்டே போகும். எண் சிறிதாகத் தெரிவதால் எல்லோரும் கூடுதல் கடனோடு பெரிய அளவில் இறங்குவார்கள். ஆபத்து உண்மையில் அதிகமாக இருக்கும் நேரத்தில்தான் அளவுகோல் மிகக் குறைவாகக் காட்டும். இடி விழுந்த பிறகு எண் தாவி ஏறும், அதற்குள் பணம் போயிருக்கும்.

எண்ணெய்க்கு வருவோம். ஓரிரு ஆண்டு வேண்டாம், முப்பது ஆண்டு விலைகளையும் மாடலுக்குக் கொடுத்திருந்தால்? வளைகுடாப் போர் தொடங்கிய 1991 ஜனவரி 17 அன்று எண்ணெய் விலை ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்கு சரிந்தது. அதே சரிவு மறுபடியும் வந்தால் நம் ஆளின் நஷ்டம் சுமார் 32,000 ரூபாய் என்று மாடல் சொல்லியிருக்கும். நடந்தது அதைப்போல் 12 மடங்கு. காரணம் எளியது. சதவீதத்தில் கணக்குப் போடும் மாடலில் விலை எத்தனை முறை குறைந்தாலும் பூஜ்யத்தைத் தொடாது, அதற்குக் கீழே போக வழியே இல்லை. நியூயார்க் சந்தையை நடத்தும் சிஎம்இ நிறுவனம், மைனஸ் விலை வந்தாலும் தன் கணினிகள் ஏற்கும் என்று சில நாட்களுக்கு முன்பே அறிவித்திருந்தது. அந்த அறிவிப்பைப் பழைய விலைப் பட்டியலுக்குள் தேடினால் கிடைக்காது. வராத ஆபத்தைப் பழைய எண்கள் காட்டமாட்டா என்பதுதான் இங்கே நான் மிக முக்கியமாகக் கருதுவது.

மாடலின் இந்த மறதியைச் சாதாரண முதலீட்டாளர் தானே சோதிக்கலாம். தேசியப் பங்குச் சந்தையின் இணையதளத்தில் நிஃப்டியின் பழைய விலைகள் கிடைக்கும். 500 நாட்களின் ஏற்ற இறக்கத்தை எக்செல்லில் போட்டு, மோசமான நாள் மேலே வருமாறு வரிசைப்படுத்துங்கள். ஐந்தாவது நாளின் வீழ்ச்சிதான் ஏறக்குறைய 99 சதவீத வார். அந்த ஐந்து நாட்களின் சராசரியையும் எடுங்கள். அதுதான் கோட்டுக்கு அப்பால் போன நாட்களில் சராசரியாக எவ்வளவு போகும் என்று சொல்லும் அளவு. வங்கிகளுக்கான பாசெல் விதிகளும் வாரை விட்டு இந்த அளவுக்கே நகர்ந்திருக்கின்றன. பிறகு 2020 மார்ச் உள்ளே வரும்படி ஒருமுறையும், வராதபடி ஒருமுறையும் செய்து பாருங்கள். இரண்டு விடைக்கும் உள்ள வித்தியாசம்தான் மாடல் மறந்துபோன ஆபத்து.

இப்படி நஷ்டப்பட்டவருக்கு உரிமை என்ன, நிவாரணம் என்ன? மாடல் தவறியது என்பதற்காக மட்டும் நஷ்ட ஈடு கிடைக்காது. எண்ணெய் விவகாரத்தில் புரோக்கர்கள் நீதிமன்றம்வரை போனார்கள். ஆனால் நியூயார்க் விலையை ரூபாயில் மாற்றித்தான் தீர்ப்போம் என்பது ஒப்பந்த விதியிலேயே இருந்தது. ஆகவே முதல் பாதுகாப்பு அந்த விதியை வாங்குமுன் படிப்பதுதான். எந்த விலையில் தீர்வு, கடைசி நாள் எது, எத்தனை மணிவரை வெளியேறலாம் என்ற மூன்றும் அதில் இருக்கும். ஃபியூச்சர்ஸ் வாங்கினாலும், ஆப்ஷன் விற்றாலும் நஷ்டம் கட்டிய மார்ஜினோடு நிற்காது.

ஆனால் ஆபத்தை மறைத்து விற்றால், நிச்சய லாபம் என்று வாக்களித்தால், உங்கள் அனுமதியின்றி வர்த்தகம் செய்தால் அது விதிமீறல். ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன் வர்த்தகத்தில் தனிநபர்களில் பத்தில் ஒன்பது பேர் நஷ்டமடைகிறார்கள் என்ற எச்சரிக்கையைப் புரோக்கர்கள் காட்டியே ஆக வேண்டும் என்பது செபி விதி. கான்ட்ராக்ட் நோட்டைத் தவறாமல் சேமித்து வையுங்கள். முதலில் புரோக்கரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். சரியான பதில் இல்லையென்றால் scores.sebi.gov.in தளத்தில் ஓராண்டுக்குள் பதிவு செய்யுங்கள். சம்பந்தப்பட்ட நிறுவனம் 21 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். அதிலும் திருப்தி இல்லையென்றால் smartodr.in தளத்தில் சமரசத்துக்கும் நடுவர் தீர்ப்புக்கும் போகலாம்.

அடுத்த முறை யாராவது ஒரு வார் எண்ணைக் காட்டி "இதற்கு மேல் போகாது" என்றால், அது எத்தனை ஆண்டுக் கணக்கு, 2008-ம் 2020-ம் அதில் உண்டா, கோட்டைத் தாண்டினால் எவ்வளவு போகும் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிய பிறகு ஆர்டர் போடுங்கள்.